ஏற்காடு சுற்றுலாவுக்குக் கட்டிய 650 ரூபாய்: ஸ்கிரீன்ஷாட்டில் எதை மறைக்க வேண்டும்?

என் அக்கா மகள் சேலத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற நவம்பரில் வகுப்பே ஏற்காட்டுக்குக் கிளம்பியது. வேன் வாடகை, மதியச் சாப்பாடு, படகுச் சவாரி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 650 ரூபாய். பணம் வாங்கும் பொறுப்பு ஒரு பையனிடம் கொடுக்கப்பட்டிருந்தது. "பணம் அனுப்பியவர்கள் ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடுங்கள்" என்று அவன் எழுதினான். அன்று இரவுக்குள் பத்தொன்பது ஸ்கிரீன்ஷாட்டுகள் குழுவில் வரிசையாக நின்றன.

அக்கா மகளுக்குச் சொந்தமாக வங்கிக் கணக்கு கிடையாது. அம்மாவின் ஃபோனிலிருந்துதான் அனுப்பினாள். அதனால் அந்தப் படத்தில் இருந்தது அவளுடைய விவரம் அல்ல, என் அக்காவின் விவரம். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்தது. அந்த அழைப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் படத்தைப் பார்ப்போம்.

கீழே இருப்பது நானே எழுதிய மாதிரி. பெயரும் எண்களும் கற்பனை. ஆப்புக்கு ஆப்பு வரிசை மாறும், சிலவற்றில் ஒன்றிரண்டு வரிகள் குறையும். ஆனால் பெரும்பாலும் இந்தச் சரக்குதான் இருக்கும்.

```
₹650.00   Completed
14 Nov, 7:41 pm
To: (payee name)
From: KAVIYA MURUGESAN
UPI ID: 90000XXXXX@ybl
Bank A/c: XXXXXX4417
UTR: 5318XXXX2086
```

முதலில் பெயர். வகுப்பில் நீங்கள் காவியா, மிஞ்சினால் எம். காவியா. வங்கியில் கணக்குத் தொடங்கும்போது அந்த ஒற்றை எழுத்து பெரும்பாலும் விரிந்துவிடுகிறது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏறும். எனவே நம் ஊர்ப் பிள்ளைகளின் ரசீதில் வருவது பெயர் மட்டும் அல்ல, அப்பாவின் பெயரும் கூடவே வருகிறது. உங்களை அறியாத ஒருவர் "முருகேசன் சார் பெண்தானே நீ?" என்று பேச்சைத் தொடங்கினால் அவர் உறவினரோ அப்பாவின் நண்பரோ என்றுதான் நினைப்பீர்கள்.

அடுத்தது யுபிஐ ஐடி. இதில் @ குறிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பலருக்கு அங்கே இருப்பது அவர்களுடைய பத்து இலக்கக் கைபேசி எண். கூகுள் பே பயன்படுத்துபவர்களுக்குப் பெரும்பாலும் ஜிமெயில் முகவரியின் முதல் பாதி அங்கே நிற்கும், பின்னால் `@okaxis`, `@oksbi` போன்ற வால் ஒட்டியிருக்கும். அந்த வாலைக் கழற்றிவிட்டு ஜிமெயிலைச் சேர்த்தால் மின்னஞ்சல் முகவரி தயார். ஆக, பணம் அனுப்ப உதவும் ஒரு விலாசம் என்று நீங்கள் நினைப்பது, உங்களைக் கூப்பிடவும் எழுதவும் உதவும் விலாசமாகவும் இருக்கிறது. ஒரு பெண்ணின் எண்ணை முன்பின் தெரியாத இருபது பேர் சேமித்துவைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அவளைத்தான் கேட்க வேண்டும். பணம் திருடு போவதைவிட அடிக்கடி நடப்பது இதுதான் என்பது என் எண்ணம்.

வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களும், யுடிஆர் எனப்படும் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணும் மிச்சம். இவை இரண்டையும் பற்றி வீண் பயம் வேண்டாம். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் கணக்கிலிருந்து ஒரு ரூபாயைக்கூட எவராலும் எடுக்க முடியாது. பணம் வெளியே போக உங்கள் ஃபோனும், பெரும்பாலும் உங்கள் ரகசிய எண்ணும் வேண்டும். ஆனால் இந்த எண்களுக்கு வேறொரு வேலை உண்டு. தன்னை வங்கி ஆள் என்று நம்பவைக்க ஒருவருக்கு இவை போதும்.

இனி அந்த அழைப்பு.

"உங்கள் பெயர் இன்னது, நேற்று மாலை ஏழு நாற்பத்தொன்றுக்கு 650 ரூபாய் அனுப்பியிருக்கிறீர்கள், உங்கள் கணக்கு 4417 என்று முடிகிறது, சரிதானே அம்மா?" என்று தெளிவான தமிழில் ஒருவர் கேட்டிருக்கிறார். அக்கா "ஆமாம்" என்றாள். நான்கு விவரமும் சரியாக இருக்கும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்? தொழில்நுட்பக் கோளாறால் அந்தப் பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டுவிட்டது, திருப்பித் தரவேண்டும், வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் அனுப்புகிறேன், அதை ஸ்கேன் செய்யுங்கள், பணம் உள்ளே வந்துவிடும் என்றிருக்கிறார். அக்காவும் ஸ்கேன் செய்துவிட்டாள். திரையில் 4,999 ரூபாய் என்று நிரப்பப்பட்டிருந்தது. கீழே பொத்தானில் Pay என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த திரை ரகசிய எண்ணைக் கேட்டது.

அக்கா அங்கே நின்றாள். ஆங்கிலம் படித்து நின்றதாகச் சொல்ல முடியாது. "650 தருவதாகச் சொன்னவன் எதற்கு 4,999 காட்டுகிறான்?" என்பதுதான் அவளுக்கு இடித்தது. மகளைக் கூப்பிட்டாள், மகள் ஃபோனை வாங்கி அழைப்பைத் துண்டித்தாள். பணம் போகவில்லை.

அந்த ஆளுக்கு விவரம் எங்கிருந்து கிடைத்தது என்று பிறகு தேடினோம். சுற்றுலாக் குழுவில் இணைப்பை அழுத்தினாலே யாரும் சேரலாம் என்று வைத்திருந்தார்கள். வேன்காரர், சமையல்காரர், வேறு பிரிவு மாணவர்கள் எல்லோரும் எளிதாகச் சேரட்டும் என்ற எண்ணம். யாருக்கும் தெரியாத ஓர் எண் இரண்டு நாள் உள்ளே இருந்து, அன்று காலை வெளியேறியிருந்தது. அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பெயர், தொகை, நேரம், கணக்கின் கடைசி நான்கு இலக்கம், ஃபோன் எண் ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் ஒன்றாக இருந்தது அந்தப் படத்தில் மட்டுமே.

இந்த வகை அழைப்பைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. பணம் உங்களுக்கு வருவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், எந்த எண்ணையும் தட்ட வேண்டாம். இருப்பைப் பார்க்கும்போது தவிர, ரகசிய எண்ணைத் திரை கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள். எதிரே பேசுபவர் உங்கள் ஜாதகத்தையே ஒப்பித்தாலும் இது மாறாது. இதை வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் ஒருமுறை ஃபோனை எடுத்துத் திறந்தே காட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடும்.

இப்போது வேலைக்கு வருவோம். பணம் வாங்கிய பையனுக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும்? தொகை, நாள், நேரம், யார் அனுப்பியது. யார் என்பதை உங்கள் செய்தியே சொல்லிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் 650 அனுப்பியிருந்தால் பிரித்தறிய யுடிஆர் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். அனுப்பியவர் திரையிலும் பெற்றவர் திரையிலும் அந்தப் பன்னிரண்டு இலக்க எண் ஒன்றேதான் என்பதால், அவன் தன் ஃபோனில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்வான். அப்படியானால் படமே தேவையில்லை. "காவியா, 650, 14ஆம் தேதி மாலை 7:41, முடிவு 2086" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. என்னைக் கேட்டால் பத்துக்கு ஒன்பது தடவை இந்த ஒரு வரியே சிறந்தது.

அப்படியும் படம்தான் வேண்டும் என்று கேட்டால், இப்படிச் செய்யுங்கள்.

முதலில் வெட்டுங்கள், பிறகு மறையுங்கள். இந்த வரிசை முக்கியம். ஸ்கிரீன்ஷாட்டை எடுத்தவுடன் மேல் பட்டையைப் பாருங்கள். பணம் போன சில நொடிகளில் வங்கியின் குறுஞ்செய்தி வந்து இறங்கும். நீங்கள் படம் எடுக்கும் நேரமும் அதே நொடிதான். கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று அந்த அறிவிப்பு திரையின் தலையில் தொங்கிக்கொண்டிருப்பதை நான் பலர் படத்தில் பார்த்திருக்கிறேன். தொகை, நாள், பெற்றவர் பெயர் இந்த மூன்றும் இருக்கும் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மேலும் கீழும் வெட்டிவிடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். ஆப்பிலேயே இருக்கும் பகிரும் பொத்தானை அழுத்தினால் வரும் அழகான ரசீதும் உங்களைக் காப்பாற்றாது. அதிலும் அதே விவரங்கள்தான் அச்சாகின்றன.

மிச்சமிருக்கும் துண்டில் மறைக்க வேண்டியவை: அனுப்பியவரின் பெயர், யுபிஐ ஐடி, கணக்கின் கடைசி நான்கு இலக்கம், யுடிஆரின் முதல் எட்டு இலக்கம். பணம் வாங்கியவரின் ஐடியையும் மறைத்துவிடுங்கள், பாவம். பத்தொன்பது படத்திலும் அந்தப் பையனின் எண் பத்தொன்பது முறை வந்திருந்தது. அவனைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை, அவன் உட்பட.

மறைப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஃபோனின் படத்திருத்தக் கருவியில் பேனா இருக்கும், ஹைலைட்டர் இருக்கும். விரல் போகிற போக்கில் ஹைலைட்டரை எடுத்துக் கறுப்பாகத் தேய்த்துவிடுவார்கள். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். ஆனால் ஹைலைட்டர் என்பது கண்ணாடித்தாள் மாதிரி, அடியில் இருப்பது மங்கலாக உயிரோடு இருக்கும். ஒளியையும் நிழல் அளவையும் உச்சத்துக்கு ஏற்றினால் எண்கள் எழுந்து வரும். நம்ப முடியவில்லை என்றால் நீங்களே ஹைலைட்டரால் ஓர் எண்ணை அடித்து, அதே கருவியில் Brightness அளவைக் கடைசி வரை நகர்த்திப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் முகத்துக்கு ஓரளவு சரி, எண்ணுக்கு ஆகாது. எண் என்றால் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்தே வடிவங்கள். ஆப்பின் எழுத்துரு என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு இலக்கத்தையும் அதேபோல் மங்கலாக்கி, எது பொருந்துகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கணினிக்கு அதிக நேரம் ஆகாது. எனவே நிறம் நிரப்பிய கட்டம் ஒன்றை எடுத்து எண்ணின் மேல் வையுங்கள். உள்ளே ஒளி புகாத, முழுக்கக் கெட்டியான கட்டம். எண்ணைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், பெயரின் நீளம்கூடத் தெரிய வேண்டாம்.

அடுத்தது, மறைத்த படத்தைத் திரை முழுவதும் திறந்துவைத்து மறுபடியும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இந்த இரண்டாவது படத்தின் ஓரங்களை வெட்டி, இதை மட்டும் அனுப்புங்கள். இது எதற்கு என்றால், திருத்திய கோப்புக்குள் பழைய படத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 2023 மார்ச்சில் வெளியான ஒரு செய்தி இதற்கு நல்ல சாட்சி. கூகுள் பிக்சல் ஃபோன்களின் Markup கருவியில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டினால், வெட்டிப்போட்ட பகுதியின் ஒரு பாகம் கோப்பின் வாலில் அப்படியே கிடந்தது. தெரிந்தவர்கள் அதை மீட்டெடுத்துக் காட்டினார்கள். அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பு வெட்டிப் பகிர்ந்த பழைய படங்களை அந்தத் திருத்தம் காப்பாற்றாது. இரண்டாம் முறை எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் திரையில் தெரிவது தவிர எதுவும் இருக்காது. வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்புங்கள், ஆவணமாக அனுப்பாதீர்கள். ஆவணமாக அனுப்பினால் கோப்பு பெயரோடு அப்படியே போகும். சில ஃபோன்களில் அந்தப் பெயரிலேயே நாளும் நேரமும் எந்த ஆப் என்பதும் இருக்கும்.

ஒரு தனிக் கண்ணி க்யூஆர். பணம் கேட்கும்போது சிலர் தங்கள் க்யூஆர் திரையைப் படமெடுத்து, கீழே இருக்கும் ஃபோன் எண்ணை மட்டும் கறுப்படித்து அனுப்புகிறார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை ஸ்கேன் செய்தால் வருவது இதுதான்:

```
upi://pay?pa=90000XXXXX@ybl&pn=KAVIYA&cu=INR
```

`pa=` என்பதற்குப் பிறகு நிற்பது, நீங்கள் மெனக்கெட்டு மறைத்த அதே ஐடி. க்யூஆரைக் காட்டிவிட்டு எண்ணை மறைப்பது, வாசலைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவருவது போல. பணம் வாங்க க்யூஆர் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால், ஆப்பில் புதிதாக ஒரு யுபிஐ ஐடி உருவாக்குங்கள். பல ஆப்புகளில் சுயவிவரப் பக்கத்தில் இந்த வசதி இருக்கிறது. ஃபோன் எண் இல்லாத ஐடியாகத் தேர்ந்தெடுத்து, அதன் க்யூஆரைக் கொடுங்கள்.

எல்லா நேரத்திலும் எல்லாவற்றையும் மறைக்கவும் முடியாது. பணம் பிடிக்கப்பட்டுக் கடைக்குப் போகவில்லை என்றால் புகார் கொடுக்க முழு யுடிஆர் எண்ணும் வேண்டும். அதை ஆப்பின் உதவிப் பக்கத்திலோ வங்கிக் கிளையிலோ கொடுங்கள். சமூக ஊடகத்தில் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு ரசீதையும் போட்டுப் புலம்பாதீர்கள். ஐந்து நிமிடத்தில் "வாடிக்கையாளர் சேவை" என்ற பெயரில் ஒருவர் பதில் போடுவார். அவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

பணம் வாங்கும் பக்கத்தில் நீங்கள் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் பணம் வந்ததற்குச் சாட்சி அல்ல. தொகையையும் பெயரையும் மாற்றிப் போலி ரசீது செய்வது கடினமான வேலை இல்லை. நீங்கள் குழுவில் போட்ட நிஜ ரசீதையே எடுத்து "இது நான் கட்டியது" என்று இன்னொருவர் காட்டவும் முடியும். எங்கள் தெருமுனையில் தட்டுவடை செட் விற்பவர் இதைத் தன் பாணியில் கற்றுக்கொண்டார். மாலை நேரக் கூட்டத்தில் காரட்டும் பீட்ரூட்டும் துருவிப்போட்டுக்கொண்டே, நீட்டிய திரைகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இரவில் கணக்குப் பார்த்தால் தினமும் கொஞ்சம் துண்டு விழுந்தது. இப்போது தள்ளுவண்டியில் ஒலிப்பெட்டி இருக்கிறது. அது வாய்திறந்து தொகையைச் சொன்னால்தான் தட்டு கைக்கு வரும். திரையை நீட்டினால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வகுப்புப் பணம் வாங்குபவரிடம் ஒலிப்பெட்டி இருக்காது, ஆனால் தன் ஆப்பில் வரவுப் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்து நோட்டில் டிக் போட்டால் போதும், யாரிடமும் படம் கேட்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே மறைக்காமல் போட்டுவிட்டீர்களா? வாட்ஸ்அப்பில் அனுப்பி இரண்டு நாளுக்குள் என்றால், எல்லோருக்கும் நீக்கும் வசதியைப் பயன்படுத்தி உடனே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சேமித்துக்கொண்டவரின் ஃபோனில் அது இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பிறகு கணக்குக்குச் சொந்தக்காரரிடம், பெரும்பாலும் அது அம்மா அல்லது அப்பா, நடந்ததைச் சொல்லிவிடுங்கள். திட்டு விழும். ஆனால் நாளைக்கு "650 ரூபாயைத் திருப்பித் தருகிறோம்" என்று அழைப்பு வந்தால் அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். யுபிஐ ஐடியை மாற்றலாம், ஆனால் பழையதை நீக்கும் முன் அதில் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் கட்டணம் ஏதாவது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபோன் எண்தான் வெளியே போனது என்றால் ஐடியை மாற்றுவதால் அது திரும்பி வராது. தெரியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளில் அடுத்த சில வாரங்கள் கவனமாக இருப்பதுதான் வழி.

பணமே போய்விட்டது என்றால் 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே அழையுங்கள். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியலாம். போன பணம் அடுத்த கணக்குக்கு நகர்த்தப்படும் முன் நிறுத்திவைக்க முடிந்தால் மட்டுமே மீட்க வழி இருக்கும். அதனால் வீட்டில் யார் திட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தைக் கடத்தாதீர்கள். இங்கே மட்டும் எதையும் மறைக்க வேண்டாம். ரசீது, குறுஞ்செய்தி, அழைத்த எண், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் வெட்டாமல் திருத்தாமல் வைத்திருங்கள்.

சுற்றுலாவுக்கு நான்கு நாள் முன்பு, தேநீருக்கு என்று தலைக்கு இன்னொரு நூறு ரூபாய் கேட்டார்கள். குழுவின் இணைப்பை அதற்குள் மாற்றிவிட்டிருந்தார்கள். அக்கா மகள் அனுப்பிய செய்தியை நான் பார்த்தேன்: "நூறு, இன்று 6:20, முடிவு 3375." கீழே அந்தப் பையன் ஒரு டிக் மட்டும் போட்டிருந்தான்.